தம்பியா, தம்பீயா? கூப்பிடும்போது நீளும் ஈற்றைச் சரிபார்ப்பது எப்படி

ஏட்டுச்சுவடி

வணக்கம். பெரிய வயதில் தமிழ் கற்றுக்கொள்கிறவர்களுக்காக உறவுப்பெயர் அட்டவணை ஒன்று தயாரித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில், ஒருவரைப் பற்றிப் பேசும்போது வரும் வடிவம். இரண்டாவதில், அவரையே கூப்பிடும்போது வரும் வடிவம். 'அண்ணன் வந்தார்' என்போம், 'அண்ணா, வாங்க' என்போம், அது மாதிரி. மொத்தம் 46 சொற்கள்.

இரண்டாவது கட்டத்தில்தான் சிக்கல். உதவிக்கு வந்த இருவரில் ஒருவர் எல்லாச் சொல்லையும் நீட்டிவிட்டார்: தம்பீ, சித்தீ, பாட்டீ, தங்கச்சீ. மற்றவர் எல்லாவற்றோடும் ஏ சேர்த்துவிட்டார்: தம்பியே, சித்தியே, அம்மாவே, அக்காவே. எனக்கு இரண்டுமே உறுத்தின. என் அம்மாவுக்குப் போன் போட்டு, "தம்பியைக் கூப்பிடுற மாதிரி ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்று கேட்டுப் பதிவு செய்தேன். திருப்பிப் போட்டுக் கேட்டால் தெளிவாக 'தம்பீ'! அப்படியானால் நீட்டியவர் சரி என்றுதானே ஆகிறது? ஆனால் 'தம்பி, இந்தத் தண்ணியைக் குடி' என்று எழுதிப் பார்த்தால் குறில்தான் இயல்பாக இருக்கிறது.

நீளும் ஈறு உண்மையானதா இல்லையா என்று சரிபார்க்க ஏதாவது வழி இருக்கிறதா? 'எனக்கு அப்படித்தான் கேட்கிறது' என்பதைவிட உறுதியாக ஒன்று வேண்டும்.

பொன்வண்டு

இதில் குழம்ப ஒன்றுமில்லை நண்பரே. விளி என்றாலே ஈறு நீளும். முருகன் முருகா ஆகிறான், கண்ணன் கண்ணா ஆகிறான், தம்பி தம்பீ ஆகிறான். தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஒரு இயலே இதற்காக இருக்கிறது. "இ ஈ ஆகும் ஐ ஆய் ஆகும்" என்று நேராகவே சொல்லியிருக்கிறது. நம்பி, நம்பீ, நங்கை, நங்காய். உங்கள் அம்மா சொன்னதும் அதுதான். நீட்டியவர் பட்டியலையே வைத்துக்கொள்ளுங்கள்.

கீற்று

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான்! என் மனைவியுடைய அக்காவின் கணவரை நான் எப்படிக் கூப்பிடுவது என்று பத்து வருஷமாகக் குழப்பம். அண்ணன் என்றால் அவருக்குப் பிடிக்கவில்லை, சகலை என்று முகத்துக்கு நேராகக் கூப்பிட முடியவில்லை. அட்டவணையில் இதையும் சேருங்கள், ரொம்ப உதவியாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி

@கீற்று, அந்தக் கேள்வியும் நல்ல கேள்விதான், ஆனால் நான் கேட்டது வேறு. யாரை எந்த உறவு சொல்லி அழைப்பது என்பதல்ல. உறவுப்பெயர் கையில் இருக்கிறது, கூப்பிடும்போது அதன் கடைசி எழுத்து என்ன ஆகிறது என்பது. ஆனாலும் நீங்கள் சொன்ன 'சகலை' எனக்கு உதவுகிறது. பேசும்போது மட்டும் வந்து, கூப்பிட வராத சொற்கள் இருக்கின்றன. கொழுந்தனார், நாத்தனார், மாமனார், மாமியார் எல்லாம் அந்த வகைதான். அவற்றுக்கு இரண்டாவது கட்டத்தில் வேறு சொல்லையே போட வேண்டியிருக்கும்.

நெடில்குறில்

உங்கள் அம்மாவிடம் நீங்கள் கேட்ட விதத்தில்தான் நீளம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். 'கூப்பிடுற மாதிரி சொல்லுங்க' என்று யாரிடம் கேட்டாலும், ஆள் வாசலுக்கு அப்பால் நிற்பதாக நினைத்துக்கொண்டு குரலை உயர்த்துவார்கள். குரல் தூரம் போக வேண்டுமானால் எந்தச் சொல்லும் இழுபடும். அந்த இழுப்பு குரலுக்கு உரியது. சொல்லின் வடிவத்துக்கு உரியது என்று அதை வைத்தே முடிவு கட்ட முடியாது.

இதைத் தொல்காப்பியரே தனியாகச் சொல்லியிருக்கிறார். பொன்வண்டு எடுத்துக்காட்டிய அதே இயலில் பின்னால் போனால் இது வரும்:

"உளவெனப் பட்ட எல்லாப் பெயரும்
அளபிறந் தனவே விளிக்கும் காலைச்
சேய்மையின் இசைக்கும் வழக்கத் தான"

தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது விளி ஏற்கும் எல்லாப் பெயரும் தன் மாத்திரையைத் தாண்டி ஒலிக்கும் என்கிறார். இன்னொரு பக்கம், ஐ ஈற்றுப் பெயர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு "அண்மைச் சொல்லே இயற்கை ஆகும்" என்கிறார். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டால் சொல் உள்ளபடியே நிற்கும். ஆகவே கூப்பிடுகிற தூரம் ஒரு விஷயம், ஈறு மாறுவது இன்னொரு விஷயம். உங்கள் பதிவில் இரண்டும் கலந்துவிட்டன.

பிரித்துப் பார்க்க நான் செய்வது இதுதான். தூரத்தை எடுத்துவிடுங்கள். தம்பி மடியில் படுத்துத் தூங்குகிறான், பக்கத்தில் இன்னொரு குழந்தையும் தூங்குகிறது, அதை எழுப்பாமல் இவனை மட்டும் எழுப்ப வேண்டும். இப்படிச் சூழலைச் சொல்லிவிட்டு, "காதுக்குள்ள மெதுவா கூப்பிடுங்க" என்று கேளுங்கள். 'தம்பி... தம்பி... எந்திரி' என்றுதான் வரும். நெடில் போய்விடும். அதே சூழலில் பையன் பெயர் முருகன் என்று வையுங்கள். 'முருகா... முருகா...' என்பார்கள். எவ்வளவு முணுமுணுத்தாலும் அந்த ஆ குறுகி 'முருக' ஆகாது. முணுமுணுப்பிலும் நிற்கிற நீளம் ஈற்றுக்குரியது. முணுமுணுப்பில் கரைகிற நீளம் தூரத்துக்குரியது.

யாழினியம்மா

நெடில்குறில் சொல்வதை என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். மகள் பெயர் யாழினி. மாடியில் இருந்தால் என் மாமியார் 'யாழினீஈ' என்று ஒரே இழு. சாப்பாடு ஊட்டும்போது 'யாழினி, வாயத் தொற'. இரண்டும் ஒரே பாட்டி, ஒரே பேத்தி. பக்கத்து வீட்டுப் பையன் கார்த்திக். அவனை அவன் அம்மா கூப்பிடும்போது 'கார்த்தீக்!' என்று நடுவில் நீளும். கடைசியில் நீட்ட உயிர் இல்லையே, அதனால் அதற்கு முந்தினதைப் பிடித்து இழுக்கிறார்கள்போல.

நெடில்குறில்

@யாழினியம்மா, அருமையான உதாரணம். 'கார்த்தீக்' என்று யாரும் பெயர்ப் பதிவில் எழுதமாட்டார்கள், அது கூப்பாட்டின் நீளம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். 'யாழினீ'க்கும் அதே நியாயம். இலக்கணத்தில் மக்கள் என்பது 'மக்காள்' என்று விளியாகும், ஈற்றுக்கு அயலெழுத்து நீளும். 'கார்த்தீக்' அதோடு சேருமா, வெறும் கூப்பாடா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தோன்றவில்லை. முணுமுணுப்பில் அந்த ஈ போய்விடும் என்பதால் கூப்பாடு என்ற பக்கம்தான் சாய்கிறேன்.

பொன்வண்டு

அப்படியென்றால் 'தம்பீ' தவறு என்கிறீர்களா? "இ ஈ ஆகும்" என்று சூத்திரம் தெளிவாக இருக்கும்போது, உங்கள் முணுமுணுப்புச் சோதனை அதைத் தள்ளிவிட முடியுமா? நன்னூலும் இகர நீட்சியை ஏற்கிறது.

நெடில்குறில்

தவறு என்று சொல்லவே மாட்டேன். எழுத்துத் தமிழில் 'தம்பீ' முழுக்க இலக்கணமுள்ள விளி. கவிதையில், நாடகத்தில் அது வரலாம், வர வேண்டும். நான் சொல்வது ஒன்றுதான்: நன்னூல் விளியின் வகைகளைச் சொல்லும்போது ஈறு திரிதல், குன்றல், மிகுதல், இயல்பு, அயல் திரிதல் என்று வரிசையாக வைக்கிறது. அதில் 'இயல்பு' என்பதும் ஒன்று. எதுவும் மாறாமல் நிற்பதும் விளிதான். 'விளி என்றாலே நீளும்' என்று நீங்கள் முதலில் எழுதிய வாக்கியத்தில்தான் எனக்கு வேறுபாடு. முருகன் முருகா ஆவதில் நீட்சி மட்டும் நடக்கவில்லை. ன் போய், அன் என்ற முழு ஈறு ஆ என்று மாறியிருக்கிறது. தம்பி தம்பீ ஆவதில் இருக்கிற உயிர் இன்னும் ஒரு மாத்திரை கூடுகிறது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் ஏட்டுச்சுவடியின் அட்டவணை கற்பவரைத் தவறாக வழிநடத்தும். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பையனைப் பார்த்து 'தம்பீ' என்று நெடிலோடு சொன்னால், அந்தப் பையன் திடுக்கிட்டுப் பார்ப்பான்.

அரைமாத்திரை

எனக்குத் தெரிந்த இன்னொரு சோதனையையும் வைக்கிறேன். 'னு' சேர்த்துப் பார்ப்பது. "அவன் உங்கள என்னன்னு கூப்பிடுவான்?" என்று கேளுங்கள். பதிலில் விளி வரும், ஆனால் கூப்பாடு இருக்காது, ஏனென்றால் அவர்கள் யாரையும் கூப்பிடவில்லை, தகவல் சொல்கிறார்கள். 'முருகான்னு கூப்பிடுவாங்க', 'அண்ணான்னு கூப்பிடுவான்', 'தம்பின்னு கூப்பிடுவாரு', 'சித்தின்னு கூப்பிடுவா'. முதல் இரண்டில் ஆ அப்படியே நிற்கிறது. பின்னிரண்டில் குறில். யாராவது 'தம்பீன்னு கூப்பிட்டாரு' என்று நீட்டினால், அன்றைக்கு அவர் எப்படிக் கத்தினார் என்று நடித்துக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

ஆட்களைக் கூச்சப்படுத்தாமல் கேட்கலாம் என்பது இதில் பெரிய வசதி. காதுக்குள் கூப்பிடு என்றால் சிலர் சிரித்துவிடுவார்கள், பதிவு கெட்டுவிடும்.

ஆனால் ஒரு இடத்தில் இது கைவிட்டுவிடும். ன் என்று முடியும் சொற்களில் அந்த ன், 'ன்னு'வோடு கலந்துவிடுகிறது. 'மச்சான்னு கூப்பிடுவான்' என்று ஒருவர் சொன்னால், அவர் கூப்பிடுவது 'மச்சான்' என்றா 'மச்சா' என்றா? காதால் சொல்லவே முடியாது. அங்கே 'அப்படின்னு' என்று முழுசாகச் சொல்ல வைக்க வேண்டும். 'மச்சான் அப்படின்னு' என்றால் ன் வெளியே தெரிந்துவிடும், 'மச்சானப்படின்னு' என்று ஒட்டிக்கொண்டு வரும்.

கீற்று

மச்சான் என்றதும் ஒன்று கேட்கிறேன். நாங்கள் நண்பர்களுக்குள் 'மச்சா' என்றுதான் கூப்பிடுவோம். முருகன் முருகா ஆவதுபோல மச்சான் மச்சா ஆகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

நெடில்குறில்

அவசரப்படாமல் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், மூக்கைக் கவனித்துக்கொண்டு. பேச்சில் சொல்லின் கடைசி ன் பெரும்பாலும் தனி எழுத்தாக ஒலிக்காமல், முந்தின உயிரை மூக்கொலி ஆக்கிவிட்டுப் போய்விடும். 'நான் வந்தேன்' என்பதில் கடைசி ன் யார் வாயிலும் முழுசாக வருவதில்லை. 'மச்சான் வந்தான்' என்று சொல்லும்போதும் அதே மூக்கொலி ஆதான். ஆகவே கூப்பிடும்போது கேட்கிற 'மச்சா'வில் மூக்கொலி இருந்தால் அது மச்சான் தான், எதுவும் மாறவில்லை. "ஆன் என் இறுதி இயற்கை ஆகும்" என்று தொல்காப்பியர் சொன்னதோடும் இது பொருந்துகிறது. மூக்கொலி இல்லாமல் வெறும் ஆ என்றால் மட்டுமே புது விளி. இளைய நண்பர்களிடம் இரண்டும் கேட்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மூக்கொலி இருந்தால் ஒலி அடைபட்டு மாறும், இல்லாவிட்டால் அப்படியே வரும்.

ஏட்டுச்சுவடி

இரண்டு சோதனையையும் இன்று காலை அம்மாவிடம் செய்து பார்த்தேன். தம்பி, சித்தி, பாட்டி மூன்றும் முணுமுணுப்பில் குறிலாகிவிட்டன. 'னு' சேர்த்தாலும் குறில். அண்ணா இரண்டிலும் நெடில்.

அடுத்த சந்தேகம்: அப்பா, அம்மா, தாத்தா, மாமா, அக்கா. இவை எப்போதும் ஆ என்றே முடிகின்றன, எந்தச் சோதனையிலும் அசையவில்லை. இவற்றை முருகா கூட்டத்தில் வைப்பதா, தம்பி கூட்டத்தில் வைப்பதா?

அரைமாத்திரை

உருபு சேர்த்துப் பாருங்கள். 'அப்பாவை', 'அம்மாவுக்கு', 'மாமாவோட' எல்லாம் சொல்கிறோம். 'முருகாவை', 'முருகாவுக்கு' என்று சொல்வதில்லை. அங்கே முருகனை, முருகனுக்கு. உருபு ஏற்றால் அந்த ஆ சொல்லோடு ஒட்டிப்போய்விட்டது, இரண்டு கட்டத்திலும் ஒரே வடிவம் போடலாம். உருபு ஏற்காவிட்டால் அது கூப்பிட மட்டுமே.

நெடில்குறில்

அருமை. இதற்குள் ஒரு வரலாறும் இருக்கிறது. அப்பன், தாத்தன், மாமன், அம்மை, அக்கை என்பவைதான் பெயர்கள். அப்பா, தாத்தா, மாமா, அம்மா, அக்கா எல்லாம் அவற்றின் விளிகள். வீட்டுக்குள் இந்த ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதால், கூப்பிடும் வடிவமே பெயராகிவிட்டது. கன்னியாகுமரிப் பக்கம் 'அம்மை வந்தா' என்பது இன்னும் இருக்கிறது. 'உன் அப்பன் யாரு' என்பதிலும் பழைய பெயர் இருக்கிறது, ஆனால் மரியாதை போய்விட்டது. அம்மை அம்மா ஆனதற்கும் விளிமரபில் விதி உண்டு: "முறைப்பெயர் மருங்கின் ஐயென் இறுதி ஆவொடு வருதற்கு உரியவும் உளவே." முறைப்பெயர் என்றால் நம் உறவுப்பெயர்தான். ஐ என்று முடியும் சில உறவுப்பெயர்கள் ஆ என்று விளிக்கும்.

'உரியவும் உளவே' என்பதைக் கவனியுங்கள். எல்லாம் அல்ல, சில. இதை மறந்து இயந்திரம்போல விதியைப் போட்டால் அத்தை 'அத்தா' ஆவாள். பழைய உரைகளில் அந்த உதாரணமே உண்டு. ஆனால் இன்று தமிழ் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் அத்தா என்றால் அப்பா. அட்டவணையில் அத்தைக்கு நேராக 'அத்தா' என்று போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அண்ணன்தான் இப்போது நடுவில் நிற்கிறது. சில வீடுகளில் 'அண்ணாவுக்குக் கல்யாணம்' என்று உருபு சேர்த்துச் சொல்கிறார்கள், சில வீடுகளில் 'அண்ணனுக்கு' மட்டும்தான். அண்ணாதுரையை நாடே 'அண்ணாவை', 'அண்ணாவின்' என்றுதான் எழுதுகிறது. அங்கே விளி முழுப்பெயராகிவிட்டது.

பொன்வண்டு

அண்ணாவைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. அவர் தம்பிகளுக்கு எழுதிய கடிதங்கள் 'தம்பி!' என்று குறிலோடுதான் தொடங்கும். கலைஞர் 'உடன்பிறப்பே' என்று ஏ போட்டுத் தொடங்குவார். அப்படிப் பார்த்தால் அச்சிலேயே இயல்பு விளிக்கு ஆதாரம் இருக்கிறது. என் முதல் பதிவில் 'விளி என்றாலே நீளும்' என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். ஆனாலும் 'தம்பீ'யை அட்டவணையிலிருந்து எடுக்கக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. கற்பவர் நாளைக்கு ஒரு நாடகத்தைப் படித்தால், 'தம்பீ' என்று பார்த்து அது என்ன சொல் என்று விழிக்கக் கூடாது.

ஏட்டுச்சுவடி

சரி, நியாயம்தான். 'தம்பி' என்று போட்டு, பக்கத்திலேயே 'தூரத்தில்: தம்பீ' என்று சின்ன எழுத்தில் போடலாம் என்று நினைக்கிறேன்.

ஏ சேர்த்த பட்டியலை என்ன செய்வது? மகனே, மகளே, தாயே எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. அம்மாவே, அக்காவே, தம்பியே என்றால் ஏதோ இடிக்கிறது.

அரைமாத்திரை

ஏ இரண்டு வேலை செய்யும். கூப்பிடவும் வரும், அழுத்திச் சொல்லவும் வரும். 'அம்மாவே செஞ்சாங்க' என்றால் வேறு யாரும் இல்லை, அம்மாதான் செய்தார். 'அம்மாவே' என்று தனியாகப் பார்த்ததும் காது முதலில் இந்தப் பொருளைத்தான் எடுத்துக்கொள்கிறது. வினையை வைத்துப் பிரிக்கலாம். 'மகனே வந்தான்' என்றால் அழுத்தம். 'மகனே, வா' என்றால் விளி. வினை முன்னால் இருப்பவரை நோக்கி, வா, போ, கேள், நீ எங்கே என்று இருந்தால் மட்டும் விளி.

உதவியாளர் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் 'இங்கே வா' என்பதற்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பாருங்கள். 'மகளே, இங்கே வா' நிற்கும், கொஞ்சம் நாடகத்தனம் இருந்தாலும். 'அக்காவே, இங்கே வா' நிற்காது. ஏற்கனவே விளியான சொல்லுக்கு மேலே இன்னொரு விளி தேவைப்படவில்லை.

வடலி

நான் யாழ்ப்பாணம். நீங்கள் எல்லாரும் அண்ணன், அண்ணா என்று கதைக்கிறீர்கள், எங்கட பக்கம் அது 'அண்ணை'. 'அண்ணை வந்திட்டார்' என்றும் சொல்லுவம், 'அண்ணை, இஞ்சை வாங்கோ' என்றும் கூப்பிடுவம். இரண்டும் ஒண்டுதான். நீங்கள் சொன்ன உருபுச் சோதனையும் செய்தன்: 'அண்ணையை', 'அண்ணைக்கு' எல்லாம் வரும். அட்டவணையில் அண்ணா மட்டும் போட்டால், எங்கட ஆக்களிட்டப் பழகப் போறவைக்கு அது பாதிதான்.

நெடில்குறில்

@வடலி, இதைச் சொன்னதற்கு மிக்க நன்றி. அன் என்றால் ஆ என்று நாங்கள் போட்ட கோடு எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதற்கு இதுவே போதும். உங்கள் 'அண்ணை' இரு கட்டத்திலும் ஒரே வடிவம், அப்பா அம்மாவைப்போல.

அத்தையின் கதையும் இதனோடு சேர்ந்தது. சொல்லின் கடைசியில் வரும் ஐ இரண்டு மாத்திரை ஒலிப்பதில்லை, ஒன்றாகக் குறுகிவிடும், ஐகாரக் குறுக்கம். பேச்சில் இன்னும் தேய்ந்து 'அத்த' என்றே நிற்கிறது. இப்போது தூரத்திலிருந்து கூப்பிட வேண்டும், நீட்ட வேண்டும். எதை நீட்டுவது? சிலர் 'அத்தே' என்கிறார்கள், சிலர் 'அத்தை' என்று ஐயை முழுசாக விரித்துச் சொல்கிறார்கள். பக்கத்தில் வந்ததும் இரண்டு கட்சியும் 'அத்த' தான். ஆகவே அட்டவணையில் 'அத்தை' என்று மட்டும் போட்டால் போதும் என்று எனக்குப் படுகிறது.

மதுரைக்காரி

எல்லாம் படித்தேன், ஆனால் எங்கள் 'அண்ணே'யை யாரும் தொடவில்லையே. எங்கள் பக்கம் அண்ணா என்று கூப்பிட்டால் வெளியூரோ என்று பார்ப்பார்கள். 'அண்ணே, ஒரு நிமிசம்'. முணுமுணுத்தாலும் ஏ நிற்கிறது, 'னு' சேர்த்தாலும் 'அண்ணேன்னு' என்று நெடில்தான். ஆகவே உங்கள் சோதனைப்படி இது உண்மையான ஈறு. எங்கிருந்து வந்தது?

அரைமாத்திரை

அண்ணனே என்பதன் சுருக்கம் என்றுதான் நான் எப்போதும் நினைத்திருக்கிறேன். மகனே, மருமகனே என்பதுபோல அண்ணனே. வேகத்தில் நடு ன தேய்ந்து அண்ணே. "முறைப்பெயர்க் கிளவி ஏயொடு வருமே" என்று விளிமரபிலும் இருக்கிறது. ன் என்று முடியும் உறவுப்பெயருக்கு ஏ என்பதுதான் அங்கே விதி.

நெடில்குறில்

அது நல்ல விளக்கம், ஆனால் எனக்கு ஒரு தயக்கம். தென்பக்கப் பேச்சில் கடைசி அன் மூக்கொலியோடு எகரம் மாதிரி ஒலிப்பது உண்டு. 'அவன்' என்பது 'அவென்' என்பதுபோலக் கேட்கும். அண்ணனும் அப்படியே 'அண்ணென்' ஆகி, கூப்பிடும்போது 'அண்ணே' ஆகியிருக்கலாம். அப்படியானால் அது ஏ என்ற விளியுருபே அல்ல.

@மதுரைக்காரி, உங்களிடம் இரண்டு கேள்வி. முருகன் என்று ஒரு பையன் இருந்தால் உங்கள் வீட்டில் 'முருகே' என்பார்களா, 'முருகா' என்பார்களா? அப்புறம், 'அண்ணே வந்தாரு' என்று, கூப்பிடாமல், பற்றிப் பேசும்போதும் சொல்வார்களா?

மதுரைக்காரி

முருகா தான். முருகே என்று கேட்டதே இல்லை. ஆனால் 'அண்ணே வந்திருக்காரு' என்று சொல்வோம், அதில் கடைசியில் மூக்கொலி கொஞ்சம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. இரண்டு பதிலும் இரண்டு பக்கம் இழுக்கிறதே!

நெடில்குறில்

ஆமாம், இழுக்கிறது. முருகா என்பது அரைமாத்திரை பக்கம், உறவுப்பெயருக்கு மட்டும் ஏ. 'அண்ணே வந்திருக்காரு' என்பது என் பக்கம். ஒருவேளை இரண்டும் கலந்திருக்கலாம். இதை இந்த அளவில் விட்டுவிடலாம், அட்டவணைக்குத் தேவை வடிவம்தான், பிறப்பு அல்ல. அண்ணன் என்பதற்கு நேரே அண்ணா, அண்ணே, அண்ணை மூன்றும் இருக்கட்டும்.

யாழினியம்மா

ஒரு சின்னச் சந்தேகம். கல்யாணப் பத்திரிகையில் 'அன்புடையீர்' என்று போடுகிறோமே, அதுவும் விளியா?

அரைமாத்திரை

ஆமாம் அக்கா, நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். அன்புடையார் என்பது பெயர், அதில் ஆர் என்பது ஈர் ஆகி அன்புடையீர். "ஆரும் அருவும் ஈரொடு சிவணும்" என்ற விதி இன்னும் ஒவ்வொரு பத்திரிகையிலும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. பேச்சில் இது போய்விட்டது. இன்று யாரையும் நேரில் 'பெரியீர்' என்று கூப்பிடுவதில்லை, 'பெரியவரே' தான்.

ஏட்டுச்சுவடி

எல்லோருக்கும் நன்றி. 46 சொல்லில் 31 முடிந்துவிட்டது. இ என்று முடிபவை எல்லாம் குறிலோடு, பக்கத்தில் சின்ன எழுத்தில் தூரத்து வடிவம். அப்பா, அம்மா வகைக்கு இரண்டு கட்டத்தையும் சேர்த்து ஒரே கட்டமாக்கிவிட்டேன். ஏ என்று முடிவதாக மகனே, மகளே, மருமகனே, மருமகளே, தாயே மட்டும் வைத்திருக்கிறேன், 'வீட்டுப் பேச்சில் அரிது' என்ற குறிப்போடு.

பதிவுகளை மீண்டும் எடுக்கிறேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று: மாடியிலிருந்து ஒன்று, காதுக்குள் ஒன்று, 'னு' சேர்த்து ஒன்று. மச்சானுக்கு மட்டும் 'அப்படின்னு' சேர்த்து நான்காவது. கற்பவர் மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் எது சொல், எது குரல் என்று அவரே பிரித்துக்கொள்வார்.

@வடலி, அண்ணை, மாமி, பெரியம்மா மூன்றுக்கும் உங்கள் வீட்டில் யாராவது பேசிப் பதிவு அனுப்ப முடியுமா? போனில் எடுத்தாலே போதும், மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட்டு எடுங்கள்.

வடலி

அனுப்புறன். அம்மம்மாவைக் கேட்டுப் பாக்கிறன், அவ காதுக்குள்ள மெல்லமாக் கூப்பிடுறது கஷ்டம், எல்லாருக்கும் கேக்கிற மாதிரித்தான் கூப்பிடுவா. 'னு'வுக்குப் பதிலா எங்கட பக்கம் 'எண்டு' எண்டுதான் வரும். 'அண்ணை எண்டு கூப்பிடுவன்.' அதில ஐ குறுகுதோ இல்லையோ எண்டு நீங்களே கேட்டுச் சொல்லுங்கோ.